ஒரே பக்கத்தில் கால்ஷீட்: சிறிய படப்பிடிப்புக் குழு குழம்பாமல் வந்து சேர ஒரு வழிகாட்டி

என் முதல் குறும்படத்துக்கு நான் அனுப்பிய கால்ஷீட்டில் ஒரே ஒரு நேரம்தான் இருந்தது: காலை 6 மணி. பன்னிரண்டு பேரும் அதை நம்பி ஆறு மணிக்கே வந்து நின்றார்கள். லைட் போட வேண்டிய அறையில் கலைப் பொறுப்பாளர் இன்னும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். லைட்மேன்கள் இருவரும் வாசலில் காத்திருந்தார்கள். ஒப்பனைக் கலைஞர் பெட்டியைத் திறந்து அடுக்குவதற்குள் மூன்று நடிகர்களும் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். மதியம் ஒன்றரைக்குத்தான் காட்சி உள்ள ஒரு நடிகை, காலை முழுவதும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முதல் ஷாட் 9:40க்குப் போனது. அந்தத் தாமதம் மாலை வரை தொடர்ந்ததால், அந்தி வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய கடைசிக் காட்சியை எடுக்கவே முடியவில்லை. அந்த ஒரு காட்சிக்காக இன்னொரு நாள் கேமராவையும் லைட்டையும் வாடகைக்கு எடுத்தோம்.

கால்ஷீட் என்றதும் நடிகர் ஒதுக்கித் தரும் நாள்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது, படப்பிடிப்புக்கு முந்தைய நாள் குழுவில் எல்லோருக்கும் அனுப்பும் தாளை. யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த வரிசையில் என்ன எடுக்கப்போகிறோம் என்பதை அது சொல்ல வேண்டும். பெரிய படங்களில் இதற்கென்றே உதவி இயக்குநர்கள் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

என் அடுத்த குறும்படத்தின் ஒரு நாளையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உதவி இயக்குநரான என்னையும் சேர்த்துக் குழுவில் ஒன்பது பேர், நடிகர்கள் மூவர். பகல் முழுவதும் ஒரு வீடு, மாலையில் ஒரு பஸ் நிறுத்தம். சூரியன் மறையும் நேரம் மாலை 6:20.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு ஆவணங்கள் இல்லாமல் கால்ஷீட் எழுதத் தொடங்காதீர்கள். முதலாவது, அந்த நாளில் எடுக்கும் காட்சிகளின் பட்டியல். ஒவ்வொரு காட்சிக்கும் எண், உள்ளா வெளியா, பகலா இரவா, எந்தக் கதாபாத்திரங்கள், என்ன பொருள்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து முடிவு செய்த ஷாட் பட்டியல். மூன்றாவது, இடத்தை நேரில் போய்ப் பார்த்தபோது எழுதிய குறிப்புகள். நான்காவது, இட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும், பொது இடமாக இருந்தால் அதற்கான அனுமதிக் கடிதமும்.

அனுமதிக் கடிதத்தில் உள்ள நேரத்தை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். "மாலை 5 மணி முதல் 7 மணி வரை" என்று அதில் இருந்தால், உங்கள் வண்டி 4:30க்கு வந்து பொருள்களை இறக்குவதற்கு அனுமதி கிடையாது. எங்கள் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. நான்கு நாள் முன்னதாகக் கவனித்ததால், 4:30 முதல் என்று திருத்தி வாங்க முடிந்தது. முந்தைய நாள் இரவு கவனித்திருந்தால் மாலைக் காட்சியின் வேகத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

2. மாற்ற முடியாத நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, காலையிலிருந்து மாலையை நோக்கி நேரம் போட்டுக்கொண்டு போவது. அப்படிப் போட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாராளம் காட்டுவோம். கடைசியில் மிஞ்சியதைத்தான் மாலைக் காட்சிக்குக் கொடுப்போம். ஒரு நாளில் எது நகராதோ அதை முதலில் எழுதுங்கள். சூரியன் மறைவது, வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம், ஒரு நடிகர் கிளம்பியே ஆக வேண்டிய நேரம் போன்றவை நகராதவை.

எங்களுக்கு நகராதது 6:20. பஸ் நிறுத்தக் காட்சியில் ஐந்து ஷாட். தாழ்ந்த வெயிலில் நான்கு, சூரியன் மறைந்தபின் இருக்கும் சில நிமிட மங்கல் வெளிச்சத்தில் ஒன்று. அதற்குக் கேமரா 5:15க்குத் தயாராக நிற்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் சொன்னார்.

வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு முப்பது நிமிடப் பயணம் என்று வரைபடம் காட்டியது. முப்பது நிமிடத்தையே தாளில் போட்டுவிடுவதுதான் அடுத்த பொறி. இடம் மாறுவது என்றால் கேமராவைக் கழற்றி, லைட்டுகள் ஆறக் காத்திருந்து, கேபிள் சுருட்டி, வண்டியில் ஏற்றி, போய்ச் சேர்ந்து, இறக்கி, மறுபடி பூட்டுவது. ஏற்ற முப்பது, பயணம் முப்பது, இறக்கிப் பூட்ட முப்பது என்று ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே வீட்டில் கடைசி ஷாட் 3:45க்கு முடிந்தாக வேண்டும். அந்த எண்ணைத்தான் நான் தாளில் முதலில் எழுதினேன்.

அதற்குப் பின்னால் வீட்டுக் காட்சிகளைப் பொருத்தினேன். சமையலறைக் காட்சிக்கு ஜன்னல் வழியாக வரும் காலை வெயில் தேவை என்பதால் அது முதலில் வந்தது: 8:00 முதல் 9:45 வரை. கூடத்தில் அம்மாவும் மகனும் பேசும் நீளமான காட்சி 10:00 முதல் 12:45 வரை. மதிய உணவுக்கு முக்கால் மணி நேரம். பிறகு அதே கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வரும் காட்சி 1:30 முதல் 3:30 வரை. மிச்சம் பதினைந்து நிமிடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். கூடத்துக் காட்சிகள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம், லைட்டை முழுவதும் கழற்றி மறுபடி போட வேண்டியதில்லை என்பதுதான்.

உணவு நேரத்தை இந்தக் கணக்குக்கு வெளியே வைக்காதீர்கள். குழுவில் பெரும்பாலோர் வேலைக்கு வந்து ஆறு மணி நேரத்துக்குள் உணவு இடைவேளை என்பது பல நாடுகளின் திரைத்துறைகளில் நிலைத்துவிட்ட வழக்கம். சம்பளம் இல்லாமல் உதவ வந்த நண்பர்கள் என்றாலும் இதை மீறக் கூடாது என்பது என் கருத்து.

3. ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம்

முதல் ஷாட் 8:00 என்று தெரிந்துவிட்டது. அதற்கு முன் யாருடைய வேலைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். நீங்களாக ஊகிக்காதீர்கள். யாருடைய வேலை முடிந்தால்தான் யாருடைய வேலை தொடங்கும் என்பதையும் பாருங்கள். என் முதல் படப்பிடிப்பு கெட்டுப்போனது இந்தச் சங்கிலி தெரியாததால்தான். அறையை அலங்கரித்து முடிக்காமல் லைட் போட முடியாது. லைட் நிற்காமல் கேமராவின் இடத்தை உறுதி செய்ய முடியாது. ஒப்பனைக் கலைஞர் தயாராகாமல் நடிகர் வந்து பயனில்லை.

அம்மா வேடத்துக்கு நரையும் சுருக்கமும் வைக்க முக்கால் மணி நேரம், உடைக்குக் கால் மணி நேரம், ஒத்திகைக்குக் கால் மணி நேரம் என்று கணக்கு வந்தது. அதாவது அவர் 6:45க்கு வர வேண்டும். ஒப்பனைக் கலைஞர் அவருக்கும் கால் மணி நேரம் முன்னதாக வர வேண்டும். இப்படிப் போட்டதில் தாளில் வந்த நேரங்கள் இவை:

உதவி இயக்குநர் – காலை 6:00 (சாவி வாங்கிக் கதவு திறக்க)
கலை–உடைப் பொறுப்பாளர் – காலை 6:15
ஒப்பனை – காலை 6:30
ஒளிப்பதிவாளர், லைட்மேன்கள் இருவர் – காலை 6:45
அம்மா – காலை 6:45, செட்டில் 7:45
இயக்குநர், கேமரா உதவியாளர் – காலை 7:00
ஒலிப்பதிவாளர் – காலை 7:15
மகன் – காலை 9:15, செட்டில் 9:50
பக்கத்து வீட்டுப் பெண் – பகல் 12:30, செட்டில் 1:25

நடிகர்களுக்கு மட்டும் இரண்டு நேரம் போட்டிருப்பதைக் கவனியுங்கள். முதலாவது வாசலுக்கு வர வேண்டிய நேரம். இரண்டாவது ஒப்பனையும் உடையும் முடிந்து கேமரா முன் நிற்க வேண்டிய நேரம். இரண்டாவது நேரம் நடிகருக்காக அல்ல, ஒப்பனைக் கலைஞருக்காக. அது எழுதியிருந்தால்தான் தனக்கு எவ்வளவு நேரம் உண்டு என்பதை அவர் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒன்றரைக்கு அழைக்காமல் 12:30க்கு அழைத்ததற்குக் காரணம், அவரும் எங்களோடு சாப்பிட வேண்டும் என்பது. உணவுக்கு எண்ணிக்கை சொல்லும்போது இப்படிப் பாதியில் வருபவர்களையும் வண்டி ஓட்டுநரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று உணவு தேவைப்பட்டது.

தாளில் "காலை", "பகல்", "மாலை" என்று ஒவ்வொரு நேரத்தோடும் எழுதுங்கள். இரவுப் படப்பிடிப்பில் இது இன்னும் முக்கியம். "வெள்ளி இரவு 1 மணி" என்று எழுதினால் ஒருவர் வியாழன் நள்ளிரவு தாண்டி வருவார், இன்னொருவர் வெள்ளி நள்ளிரவு தாண்டி வருவார். நள்ளிரவைத் தாண்டும் எந்த நேரத்துக்கும் "வெள்ளி இரவு முடிந்து, சனி அதிகாலை 1:00" என்று கிழமை இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, பணத்தைத் தொடும் விஷயம். உபகரணங்களையும் இடத்தையும் பெரும்பாலும் மணிக்கணக்கிலோ ஷிப்ட் கணக்கிலோ வாடகைக்குத் தருவார்கள். கணக்கு எப்போது தொடங்குகிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள்: அவர்கள் கிடங்கிலிருந்து கிளம்பும்போதா, உங்கள் வாசலில் இறக்கும்போதா? கிளம்பும்போது என்றால், லைட் வண்டிக்கு நீங்கள் போட்ட 6:45 உண்மையில் 6:00. மாலையில் அந்த முக்கால் மணி நேரம் கூடுதல் கட்டணமாக வந்து நிற்கும்.

4. பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு

காலை ஏழு மணிக்கு ஒலிப்பதிவாளர் எப்படி உங்கள் தாளைப் படிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு கையில் ஹெல்மெட்டுடன் இன்னொரு கையால் கைப்பேசியைத் திறக்கிறார். அவருக்கு அப்போது வேண்டியது நான்கே விஷயம்: எந்த வாசல், வண்டியை எங்கே விடுவது, யாரை அழைப்பது, தன் நேரம் என்ன. இந்த நான்கும் பெரிதாக்காமலே திரையில் தெரிய வேண்டும். படத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு மேலே கால் பக்கத்தை நிரப்பிய கால்ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். படத்தின் பெயர் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

மேலே கிழமையோடு தேதி, முதல் ஷாட் நேரம், உணவு நேரம், வேலை முடியும் உத்தேச நேரம். அடுத்து முகவரி. முகவரியோடு வரைபட இணைப்பு மட்டும் போதாது. எங்கள் வீட்டுக்கு வரைபடம் காட்டிய புள்ளி, பின்பக்கத் தெருவில் கதவே இல்லாத மதில் சுவரில் போய் நின்றது. இடம் பார்க்கப் போன அன்றே அதைக் கண்டுபிடித்தோம். அதனால் தாளில் இப்படி எழுதினேன்: "வரைபடம் பின்தெருவுக்குக் கொண்டுபோகும். முன்தெருவிலிருந்து வரவும். நீல இரும்புக் கதவு. வண்டிகள் எதிர்ப்புறம் காலி மனையில். கதவின் முன் லைட் வண்டி மட்டும்." கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முதலில் வருபவர் கதவின் முன்னால் நிறுத்துவார். லைட் வண்டி நூறு மீட்டர் தள்ளி நிற்கும்.

தொலைபேசி எண் இரண்டு போதும். ஒன்று உங்களுடையது, இன்னொன்று நீங்கள் எடுக்காவிட்டால் எடுப்பவருடையது. நடிகர்களின் எண்களையும் வீட்டு முகவரிகளையும் பொதுத் தாளில் போடாதீர்கள். அந்தத் தாள் எத்தனை கைகளுக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

அருகில் உள்ள மருத்துவமனையின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் தாளில் சேர்க்கும் முன் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, அந்த நேரத்தில் அவசரச் சிகிச்சைப் பிரிவு இயங்குமா என்று கேளுங்கள். மிக அருகில் இருப்பது கண் மருத்துவமனையாகவோ, மாலையில் மூடும் மருத்துவமனையாகவோ இருக்கலாம். மாலையில் இடம் மாறுகிறோம் என்றால் அந்த இடத்துக்கும் தனியாக ஒன்று வேண்டும்.

5. காட்சி அட்டவணையைச் சுருக்கமாக வையுங்கள்

பெரிய படங்களின் கால்ஷீட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் திரைக்கதைப் பக்கத்தை எட்டில் ஒரு பங்காக அளந்து போட்டிருப்பார்கள். பல நாள் படப்பிடிப்பை ஒப்பிட அது உதவும். ஒரு நாள், இரண்டு நாள் வேலைக்கு அது தேவையில்லை. அதற்குப் பதிலாக ஷாட்களின் எண்ணிக்கையையும் முடிக்க வேண்டிய நேரத்தையும் போடுங்கள். "காட்சி 7, கூடம், உள், பகல், அம்மா – மகன், 9 ஷாட், 12:45க்குள்" என்றால் எல்லோருக்கும் வேகம் புரியும்.

வரிசை எடுக்கும் வரிசையாகவே இருக்கட்டும், கதையின் வரிசையாக வேண்டாம். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே ஒரே வரியில், இல்லாவிட்டால் படப்பிடிப்பே நின்றுவிடும் பொருளை மட்டும் எழுதுங்கள். எங்கள் காட்சி 9க்கு அது "உடைந்த கடிகாரம்: உடையாதது ஒன்று, உடைந்தது இரண்டு." தட்டு, தம்ளர், மேசை விரிப்பெல்லாம் கலைப் பொறுப்பாளரின் சொந்தப் பட்டியலில் இருக்கும். எல்லாவற்றையும் கால்ஷீட்டில் ஏற்றினால் கடிகாரம் அதில் தொலைந்துபோகும்.

வண்ணங்களை நம்பாதீர்கள். வெளிப்புறக் காட்சிக்கு மஞ்சள், உட்புறத்துக்கு வெள்ளை என்று போட்டு, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

6. அனுப்புவதும் உறுதி செய்வதும்

இரண்டு நாள் முன்னதாக வரைவை ஒளிப்பதிவாளர், கலை, ஒப்பனை, ஒலி ஆகியோருக்கு மட்டும் அனுப்புங்கள். "இந்த நேரம் உங்களுக்குப் போதுமா?" என்று மட்டும் கேளுங்கள். இறுதித் தாள் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். இரவு பதினொன்றுக்கு அனுப்பினால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அதிகாலையில் கிளம்ப வேண்டியவர்கள்தான் முதலில் தூங்கப் போவார்கள்.

கோப்பு பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். வேர்ட் கோப்பாக அனுப்பினால் ஒவ்வொரு கைப்பேசியிலும் அட்டவணை ஒவ்வொரு விதமாக உடையும். அனுப்பும் முன் உங்கள் கைப்பேசியிலும் எழுத்துரு வேறான இன்னொருவர் கைப்பேசியிலும் திறந்து பாருங்கள்.

பெறுபவர்களிடம் "சரி" என்றோ கட்டைவிரல் குறியோ அனுப்பச் சொல்லாதீர்கள். "உங்கள் வருகை நேரத்தை எழுதிப் பதில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் மிகப் பெரிய உதவி. அன்று மகனாக நடித்தவர் "காலை 9:50" என்று பதில் அனுப்பினார். செட்டில் நிற்கும் நேரத்தைத் தன் வருகை நேரமாக எடுத்துக்கொண்டிருந்தார். "சரி" என்று மட்டும் அனுப்பியிருந்தால் அது மறுநாள் காலைதான் தெரிந்திருக்கும். இரவு 8 மணிக்குள் பதில் வராதவர்களை நேரடியாக அழைத்துப் பேசுங்கள்.

அனுப்பிய பிறகு ஏதாவது மாறினால், பழைய பெயரிலேயே புதிய கோப்பை அனுப்பிவிடாதீர்கள். என் முதல் படத்தில் அப்படிச் செய்து, இருவர் பழைய தாளோடு வந்தார்கள். கோப்பின் பெயரிலும் பக்கத்தின் மேலும் "பதிப்பு 2, வெள்ளி மாலை 7:10" என்று எழுதுங்கள். மாறிய வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி வையுங்கள். செய்தியில் என்ன மாறியது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். யாருடைய நேரம் மாறியதோ அவரை மட்டும் தனியாக அழையுங்கள். ஒருவருக்கான கால் மணி நேர மாற்றத்துக்காக முழுத் தாளையும் மறுபடி எல்லோருக்கும் அனுப்பத் தேவையில்லை. பதிப்பு 4, பதிப்பு 5 என்று போனால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள்.

7. படப்பிடிப்பு நாளில்

நான்கு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாசல் கதவில், ஒன்று ஒப்பனை அறையில், ஒன்று கேமரா அருகில், ஒன்று உங்கள் கையில். அனுமதிக் கடிதத்தின் பிரதியை உங்கள் தாளோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். மாலையில் பஸ் நிறுத்தத்தில் யாராவது கேட்கும்போது பையைத் துழாவ வேண்டியிருக்காது.

உங்கள் கைப்பிரதியில் உண்மையான நேரங்களைப் பேனாவால் எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கள் தாளில் முதல் ஷாட் 8:00 என்று அச்சாகியிருந்தது, நடந்தது 8:10. சமையலறைக் காட்சி 9:45க்குப் பதில் 10:15க்கு முடிந்தது. அரை மணி நேரம் பின்தங்கிவிட்டோம் என்பது அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதே தெரிந்தது. இயக்குநரிடம் தாளைக் காட்டி, 3:45 நகராது என்று சொன்னேன். அவர் கூடத்துக் காட்சியின் ஒன்பது ஷாட்டில் இரண்டை விட்டுக்கொடுத்தார். உணவுக்கு 12:55க்குப் போய் 1:40க்குத் திரும்பினோம். வீட்டில் கடைசி ஷாட் 3:50. காலியாக விட்டிருந்த பதினைந்து நிமிடமும் அதற்கு மேல் ஐந்தும் போயின. பஸ் நிறுத்தத்தில் கேமரா 5:20க்கு நின்றது. சூரியன் மறைந்தபின் எடுக்க வேண்டிய ஐந்தாவது ஷாட்டை 6:27க்கு எடுத்தோம்.

மறுநாள் அந்தப் பிரதியைப் பார்த்தபோது, சமையலறையில் லைட்டை ஒருமுறை திருப்பிவைக்க நாற்பது நிமிடம் ஆகியிருந்தது தெரிந்தது. நான் கொடுத்திருந்தது இருபது. சிறிய அறையில் ஸ்டாண்டுகளை நகர்த்த இடமில்லாததே காரணம் என்று லைட்மேன் சொன்னார். அடுத்த கால்ஷீட்டில் சமையலறை, குளியலறை, மாடிப்படி ஆகிய மூன்றுக்கும் கோணம் மாறும்போதெல்லாம் நாற்பது நிமிடம் போட்டேன்.